பெயர் தெரியாத பழம்பொருள்: படத்தேடலில் பெயர், அருங்காட்சியகப் பதிவில் காலம்

உள்ளங்கை அளவுள்ள ஒரு கறுத்த உலோகத் தட்டு. ஏறக்குறைய வட்டம். நடுவில் ஆப்பு வடிவில் ஒரு நீளத் துளை. அதன் ஒரு பக்கம் அரைநிலா போல ஒரு துளை, மறுபக்கம் மூன்று வளைவுகள் சேர்ந்தாற்போல இன்னொரு துளை. மீதி இடத்தில் சிறகை வட்டமாக விரித்த ஒரு நாரை. சுற்றியுள்ள உலோகத்தை வெட்டியெடுத்து அந்த உருவத்தை மட்டும் விட்டிருக்கிறார்கள். எழுத்து எதுவும் இல்லை. பெல்ட் பக்கிளாக இருக்கலாம், ஏதோ இயந்திரத்தின் பாகமாக இருக்கலாம், கழுத்தில் தொங்கவிடும் பதக்கமாகவும் இருக்கலாம்.

இந்த ஒரு தட்டை வைத்துக்கொண்டே, பெயரும் காலமும் தெரியாத ஒரு பொருளை இணையத்தில் எப்படிப் பொருத்திப் பார்ப்பது என்று முழுதாகச் செய்து பார்ப்போம். தொடங்கும் முன் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். படத்தேடல் பெயரைத்தான் தரும், அதுவும் உத்தேசமாக. காலத்தை அது தராது; தருவதுபோல் தெரிந்தாலும் நம்ப வேண்டாம். காலத்துக்கு அருங்காட்சியகங்களின் பதிவுகளுக்குத்தான் போக வேண்டும், அவற்றையும் நிதானமாகப் படிக்க வேண்டும்.

தேடுவதற்கு முன்னால் அளவெடுங்கள்

அவசரப்பட்டு உடனே போனை எடுக்காதீர்கள். தேடல் முடிவு ஒன்றைப் பார்த்துவிட்டால் அப்புறம் கண் அதற்கு ஏற்றபடிதான் பார்க்கும். அதனால் பொருளைப் பற்றித் தெரிந்ததை முதலில் ஒரு தாளில் எழுதிவிடுங்கள். நம் தட்டுக்கு இப்படி: உயரம் 7.8 செ.மீ., அகலம் 7.5 செ.மீ., விளிம்பில் தடிமன் 5 மி.மீ., எடை 95 கிராம். காந்தம் ஒட்டுகிறது, ஆக இரும்பு அல்லது எஃகு. நடுத்துளையின் நீளம் 2.8 செ.மீ., ஒரு முனை அகலம், மறுமுனை கூர். அந்தத் துளையின் ஓரத்தில் உளியால் தட்டியதுபோன்ற சின்னச் சின்னப் பள்ளங்கள். துளையின் இரு முனைகளிலும் செம்பு நிறத்தில் சிறு துண்டுகள் செருகியிருக்கின்றன.

கவனியுங்கள், "பக்கிள்", "பதக்கம்" போன்ற ஒரு சொல்கூட இதில் இல்லை. கண்ணால் கண்டதும் கருவியால் அளந்ததும் மட்டுமே. துளையின் ஓரத்துப் பள்ளங்களும் செம்புத் துண்டும் இப்போது அற்பமாகத் தெரியும். கடைசியில் அவைதான் தீர்ப்புச் சொல்லப் போகின்றன.

தேடலுக்கான படம் வேறு, பதிவுக்கான படம் வேறு

இரண்டு வகைப் படங்கள் வேண்டும். பதிவுக்கான படத்தில் பக்கத்தில் அளவுகோல் இருக்க வேண்டும். முன்புறம், பின்புறம், விளிம்பு, துளையின் உட்சுவர் எல்லாம் தனித்தனியாக வேண்டும். தேடலுக்கான படத்தில் பொருளைத் தவிர எதுவுமே இருக்கக் கூடாது. விரல், அளவுகோல், பூப்போட்ட மேசைவிரிப்பு ஏதாவது இருந்தால் தேடல் அதன் பின்னால் ஓடிவிடும். உள்ளங்கையில் வைத்து எடுத்த படத்துக்கு, கையில் ஏந்திய நகைகளாக வந்து குவிவது சகஜம்.

பின்னணிக்குச் சாம்பல் அல்லது வெளிர்நிறத்தில் பளபளப்பில்லாத தாள் போதும். ஃபிளாஷ் வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழுந்தால் மேடுபள்ளம் தெரியும். கேமராவைப் பொருளுக்கு நேர் மேலே பிடியுங்கள். சாய்த்தால் வட்டம் முட்டையாகிவிடும், வடிவத்தை ஒப்பிடும் தேடலுக்கு அது பெரிய இடைஞ்சல்.

எது மேல், எது கீழ் என்பதும் கணக்கில் வரும். அருங்காட்சியகங்கள் ஒவ்வொரு வகைப் பொருளையும் ஒரு குறிப்பிட்ட நிலையில் வைத்தே படமெடுக்கின்றன. அந்த நிலை நமக்குத் தெரியாதே என்றால், படத்தை 90 பாகையாகத் திருப்பித் திருப்பி நான்கு முறை தேடுங்கள். நம் தட்டில், நடுத்துளையின் கூர்முனை மேலே இருக்கும்படி வைத்தால் முடிவுகள் சட்டென்று தெளிவாகும். காரணம் பிறகு புரியும்.

எந்தத் தேடல் எதற்கு

படத்தை வைத்துத் தேடும் சேவைகள் எல்லாம் ஒன்றல்ல. டின்ஐ என்பது ஒரே படத்தின் நகல்கள் இணையத்தில் வேறெங்கே இருக்கின்றன என்று பார்க்கும் சேவை. நீங்கள் இப்போதுதான் எடுத்த படம் வேறெங்கும் இருக்காது, அதனால் அதில் ஒன்றும் வராது. விற்பனைக்கு வந்த ஒரு பொருளின் படம் வேறு யாருடைய படமோ என்று சந்தேகம் வந்தால் அங்கே போங்கள். கூகுள் லென்ஸ், பிங், யாண்டெக்ஸ் ஆகியவை தோற்றத்தில் ஒத்த பொருள்களைத் தேடுபவை. நமக்கு வேண்டியது இவைதான். ஒன்று தராததை இன்னொன்று தரும், மூன்றிலும் போட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

லென்ஸில் படத்தின் மேல் ஒரு சட்டம் வரும், அதை இழுத்துச் சுருக்கலாம். முதலில் முழுப் பொருளையும் சட்டத்துக்குள் வைத்துத் தேடுங்கள். அப்புறம் நடுத்துளையையும் இரு பக்கத் துளைகளையும் மட்டும் உள்ளடக்கித் தேடுங்கள். முழுத் தட்டுக்கு நாரை உருவம் கொண்ட பதக்கங்கள், சுவர் அலங்காரங்கள், காதணிகள் எல்லாம் வரலாம். ஏனென்றால் பறவைதான் கண்ணைப் பறிக்கிறது. துளைகளை மட்டும் காட்டினால் அலங்காரம் விலகி, பொருளின் அமைப்பு முன்னுக்கு வரும். அழகுக்காக வைத்த உருவம் எந்தப் பொருளிலும் வரலாம். ஒரு வேலைக்காகப் போட்ட துளை கண்ட இடத்தில் வராது. எந்தப் பொருளைத் தேடினாலும் இந்தப் பிரிவினை உதவும்.

முதல் முடிவைப் பார்த்து நின்றுவிடாதீர்கள். முதல் இருபது முப்பது முடிவுகளை மேலோட்டமாகப் பார்த்து, அவற்றின் தலைப்புகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர்ச்சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். விற்பனைப் பக்கங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதுபவை, அங்கே பத்துப் பக்கங்கள் ஒரே பெயரைச் சொன்னாலும் அது ஒரே சாட்சிதான். நம் தட்டுக்குக் கிடைக்கும் சொற்களில் `pendant`, `buckle` போன்றவற்றுக்கு நடுவே `tsuba`, `sword guard` என்ற இரண்டு சொற்கள் வரும். ஜப்பானிய வாளின் பிடிக்கும் அலகுக்கும் இடையில் இருக்கும் கைக்காப்புத் தட்டு, அதாவது ட்சுபா. பெயருக்கு ஒரு வேட்பாளர் கிடைத்தாயிற்று.

பெயரைத் துளையால் சரிபார்ப்பது

சரி, இது ட்சுபாதான் என்றால் ஒவ்வொரு துளைக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும். நடுவிலுள்ள ஆப்பு வடிவத் துளை வழியாக வாளின் அடிவால், அதாவது அலகின் கீழ்நீட்சி, பிடிக்குள் போகிறது. அடிவாலின் குறுக்குவெட்டு ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் கூராக இருப்பதால் துளைக்கும் அதே வடிவம். அரைநிலாத் துளை, உறையின் பக்கத்தில் செருகி வைக்கும் சிறு கத்தி வெளியே வருவதற்கு. மூன்று வளைவுள்ள துளை, மறுபக்கத்தில் இருக்கும் கூந்தல் ஊசி போன்ற கருவிக்கு. இரு பக்கத் துளைகளும் எல்லாத் தட்டிலும் இருக்காது. ஆனால் நடுத்துளை இல்லாமல் ட்சுபா இல்லை. கூர்முனை மேலே இருக்கும்படி வைப்பதுதான் வழக்கமான காட்சிநிலை. படத்தைத் திருப்பியதும் முடிவுகள் தெளிவானது இதனால்தான்.

அளவும் பொருந்துகிறது. நீண்ட வாளுக்கான தட்டுகள் பொதுவாக ஏழரை, எட்டு செ.மீ. அளவில் இருக்கும், குறுவாளுக்கானவை அதைவிடச் சிறியவை. 3 செ.மீ. அகலத்தில் இதே வடிவம் கிடைத்தால் அது பதக்கமாகவோ சாவிக்கொத்தாகவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். தேடலில் வரும் படங்களில் அளவு தெரியாது; அளவை முதலிலேயே எழுதச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

அருங்காட்சியகப் பட்டியலுக்குள் நுழைவது

இனி படத்தேடலை மூடிவிட்டுச் சொல்லைக் கையில் எடுங்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-இல் தன்னிடமுள்ள, பதிப்புரிமைக் கட்டுப்பாடு இல்லாத படைப்புகளின் படங்களை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. லண்டனின் பிரிட்டிஷ் மியூசியம், விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம், பாஸ்டனின் நுண்கலை அருங்காட்சியகம் ஆகியவற்றின் பட்டியல்களும் இணையத்தில் இலவசம். ஜப்பானின் தேசிய அருங்காட்சியகங்களுக்கெல்லாம் சேர்த்து கோல்பேஸ் என்ற ஒரே தேடல் இருக்கிறது.

அருங்காட்சியகத்தின் சொந்தத் தேடல் சரியாக அமையவில்லை என்றால், கூகுளில் தளத்தின் பெயரைச் சேர்த்துத் தேடலாம்:

```
site:metmuseum.org tsuba crane
```

கோல்பேஸில் `鐔` என்ற எழுத்தை ஒட்டித் தேடுங்கள். பொருள் எந்த நாட்டைச் சேர்ந்ததோ அந்த நாட்டு மொழியில் ஒரு தேடலாவது போடுவது நல்லது; ஆங்கிலத்தில் சிக்காத பதிவுகள் அங்கே இருக்கும்.

சில நூறு பதிவுகள் வந்து விழும். அலங்காரத்தை வைத்துப் பொறுக்கத் தொடங்கினால் அங்கேதான் வழி தவறும். நாரை உருவத்தை ஜப்பானியக் கைவினைஞர்கள் பல தலைமுறைகளாகத் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறார்கள், நாரையை நாரையோடு ஒப்பிடுவதால் காலம் தெரியாது. ஒப்பிடும் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் உலோகம், அடுத்து அளவும் தடிமனும், அடுத்து செய்முறை, அதாவது வெட்டியெடுத்ததா, பொறித்ததா, வேறு உலோகம் பதித்ததா என்பது. அப்புறம் துளைகளின் வடிவமும் விளிம்பின் வடிவமும். கடைசியில்தான் உருவம். மெட் அருங்காட்சியகத்தின் ட்சுபாப் பதிவுகள் பலவற்றில் உயரம், அகலம், தடிமனோடு எடையும் இருக்கிறது, அது நமக்கு நல்ல வசதி. முகப்பில் அச்சு அசலாக இருக்கும் ஒன்று தடிமனில் பாதியாக இருந்தால், அது வேறு பட்டறை என்று எடுத்துக்கொள்ளலாம்.

எட்டோ பத்தோ நல்ல பதிவுகளைத் தேர்ந்தெடுத்து ஒரு அட்டவணையில் போடுங்கள்: அருங்காட்சியகம், பதிவு எண், அளவு, உலோகம், காலம், பொருந்தாதது எது. அந்தக் கடைசி நிரலை யாரும் நிரப்புவதில்லை. ஆனால் அதுதான் உங்களை நேர்மையாக வைத்திருக்கும்.

காலத்தைப் படிக்கும் முறை

பதிவில் பார்த்ததும் கண்ணில் படும் எண் பெரும்பாலும் பொருளின் வயதாக இருக்காது. மெட் அருங்காட்சியகத்தில் 36.120 என்று தொடங்கும் எண்ணுடைய ட்சுபாக்கள் உண்டு. ஹோவர்ட் மான்ஸ்ஃபீல்ட் என்பவரின் சேகரிப்பு 1936-இல் கொடையாக வந்தது என்பதைத்தான் அந்த 36 காட்டுகிறது. பிரிட்டிஷ் மியூசியத்தின் பல எண்களும் பொருள் வந்து சேர்ந்த ஆண்டில்தான் தொடங்கும். புதிதாக வருபவர்கள் இதைச் செய்த ஆண்டு என்று எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

அதற்காக அந்த எண்ணை ஒதுக்கிவிடவும் கூடாது. செய்த காலம் என்று பதிவு சொல்வது ஒரு நிபுணரின் கணிப்பு. வந்து சேர்ந்த ஆண்டோ ஆவணப்படுத்தப்பட்ட உண்மை. 1880-களில் அருங்காட்சியகத்துக்குள் போன ஒரு தட்டு உங்கள் தட்டின் அமைப்போடு எல்லா வகையிலும் பொருந்துகிறது என்றால், அந்த வகை அதற்கு முன்பே இருந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். உங்கள் தட்டு அப்போது செய்யப்பட்டது என்று ஆகிவிடாது. வகைக்கு ஒரு எல்லை கிடைக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது காலத்தின் அகலம். `18th century` என்று ஒரு பதிவு சொல்லும், `ca. 1615–1868` என்று இன்னொன்று சொல்லும். இரண்டாவது துல்லியமாகத் தெரிகிறது, நான்கு இலக்க ஆண்டுகள் வேறு. உண்மையில் அதுதான் தளர்வானது. ஜப்பானைத் தொகுகவா குடும்பத்து ஷோகன்கள் என்ற படைத்தலைவர்கள் ஆண்ட எடோ காலம் முழுவதையும் அப்படியே எழுதியிருக்கிறார்கள், இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குள் எங்கே என்று சொல்லத் துணியவில்லை. இன்னோர் அருங்காட்சியகம் அதே காலத்தை 1603-இல் தொடங்கும். தொகுகவா இயேயாசு ஷோகன் ஆனது 1603-இல், ஒசாகா கோட்டை வீழ்ந்தது 1615-இல். எதைத் தொடக்கமாகக் கொள்வது என்பது அந்தந்த நிறுவனத்தின் வழக்கம். அதனால் 1603-க்கும் 1615-க்கும் உள்ள வேறுபாட்டில் எதையும் தேடாதீர்கள்.

பதிவுகளில் சில சிறு சொற்களுக்குப் பெரிய கனம் உண்டு. `attributed to` என்றால் இன்னார் செய்ததாகக் கருதப்படுகிறது, கையொப்பச் சான்று இல்லை. `style of` என்றால் அந்தப் பாணி, ஆள் வேறாக இருக்கலாம். `after` என்று ஒரு பெயருக்கு முன்னால் வந்தால் அவருடைய வேலையைப் பார்த்துச் செய்தது, பெரும்பாலும் பிந்தையது. இவற்றைத் தாண்டிக் கண்ணை ஓட்டினால் ஒரு நூற்றாண்டு தவறிவிடும். உங்கள் பொருளிலேயே கையொப்பம் இருந்தாலும் துள்ளிக் குதிக்க வேண்டாம். ட்சுபா உலகில் புகழ்பெற்ற பெயர்களைப் பின்னால் வந்தவர்கள் தாராளமாகப் பொறித்திருக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல் கொஞ்சம் நுட்பமானது. கையொப்பமும் ஆண்டும் இல்லாத ஒரு தட்டுக்கு "18ஆம் நூற்றாண்டு" என்று பதிவு சொல்கிறது என்றால், அதையும் வேறொரு தட்டோடு ஒப்பிட்டுத்தான் சொல்லியிருப்பார்கள். அதை வைத்து நம் தட்டுக்குக் காலம் சொன்னால், ஊகத்தின் மேல் ஊகம். அதனால் உங்கள் பத்துப் பதிவுகளில் ஆண்டு பொறித்தவையோ, காலம் தெரிந்த கைவினைஞரின் கையொப்பம் உள்ளவையோ எவை என்று தனியாகக் குறியுங்கள். அப்படி இரண்டு இருந்தால் அவற்றுக்கு மற்ற எட்டையும் விட மதிப்பு அதிகம். எட்டும் ஒரே காலத்தைச் சொல்கின்றன என்பதால் காலம் உறுதியாகிவிடாது.

பழையதா, பழையதுபோல் செய்ததா

பட்டியலில் எவ்வளவு தேடினாலும் இதற்கு விடை வராது. அருங்காட்சியகம் வைத்திருப்பது பெரும்பாலும் அசலை. உங்கள் கையில் இருப்பது அதன் நகலாக இருந்தாலும் படம் பொருந்தத்தான் செய்யும். பொருத்தம் எவ்வளவு கச்சிதமாக இருக்கிறதோ அவ்வளவு சந்தேகப்படுங்கள் என்றே சொல்வேன். கையால் வெட்டிய இரண்டு தட்டுகள் மயிரிழை பிசகாமல் ஒத்திருக்காது. அருங்காட்சியகத்தின் தட்டிலுள்ள அதே கீறல் உங்களுடையதிலும் இருந்தால், அதை வைத்து அச்செடுத்த வார்ப்பு என்று முடிவுகட்டலாம்.

ஜப்பானில் 1876-இல் பொது இடங்களில் வாள் அணிவதைத் தடைசெய்யும் ஆணை வந்தது. வாளுக்கு வேலை செய்தவர்கள் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கும் ஏற்றுமதிக்கும் செய்யத் திரும்பினார்கள். வாளில் ஏறவே ஏறாத, பார்வைக்காக மட்டும் செய்த தட்டுகள் உண்டு. அதற்கும் பிறகு, அலங்கார வாள்களுக்காக இயந்திரத்தில் வார்த்தவை வந்தன. அவற்றில் பல துத்தநாகக் கலவை, காந்தம் ஒட்டாது. ஆனால் அசல் ட்சுபாக்களிலும் பித்தளை, செம்பு, செம்புக் கலவைகளில் செய்தவை நிறைய உண்டு. ஆகவே காந்தம் ஒட்டவில்லை என்பதால் மட்டும் நகல் என்று தள்ளிவிட முடியாது, ஒட்டுகிறது என்பதால் அசல் என்றும் ஆகாது.

விளிம்பையும் துளைகளின் உட்சுவரையும் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு ஓடினால் அது இரு பாதி அச்சுகள் சேர்ந்த இடம். குண்டூசித் தலை அளவில் உருண்டைக் குழிகள் இருந்தால் வார்ப்பில் சிக்கிய காற்று. துருப்பிடித்த குழி இப்படி உருண்டையாக இருக்காது, ஒழுங்கற்றுப் பரவியிருக்கும். சிறகின் இறகுக்கோடுகள் மழுங்கி, சோப்பில் செதுக்கியதுபோல் இருந்தால் அதுவும் வார்ப்பின் அடையாளம்.

நம் தாளில் எழுதி வைத்த அற்ப விஷயங்கள் இங்கேதான் பேசும். ஒரு தட்டை ஒரு வாளுக்குப் பொருத்தும்போது நடுத்துளை தளர்வாக இருந்தால் ஓரத்தை உளியால் தட்டி இறுக்குவார்கள், இரு முனைகளிலும் செம்புத் துண்டைச் செருகுவார்கள். வாள் மாறும்போது மறுபடி தட்டுவார்கள். நம் தட்டில் இரண்டும் இருக்கின்றன. ஒரு முறையாவது வாளில் ஏறிய தட்டாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இந்தத் தழும்புகளையும் போலியாகச் செய்ய முடியும். ஆனால் மலிவு நகலுக்கு யாரும் அவ்வளவு மெனக்கெடுவதில்லை. இவை இல்லாத தட்டு போலி என்றும் அர்த்தமில்லை, கடைசிவரை பொருத்தப்படாத நல்ல தட்டுகளும் இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை: இதையெல்லாம் பார்ப்பதற்காகத் துருவைச் சுரண்டவோ எலுமிச்சை, புளி போட்டுத் தேய்க்கவோ கூடாது. இரும்பு ட்சுபாவின் கறுத்த மேற்பூச்சு வேண்டுமென்றே உருவாக்கியது. அது போனால் சான்றும் போய்விடும்.

முடிவை எழுதும் விதம்

பெயருக்கும் காலத்துக்கும் உறுதி ஒரே அளவில் இருக்காது, எனவே தனித்தனியாக எழுதுங்கள். நம் தட்டுக்கு நான் இப்படி எழுதுவேன்:

பொருள்: ஜப்பானிய வாளின் கைக்காப்புத் தட்டு. உறுதி; மூன்று துளைகளின் வடிவம், அளவு.
செய்முறை: இரும்புத் தட்டில் வெட்டியெடுத்த வேலை, நாரை உருவம். உறுதி, வார்ப்புக்கோடும் காற்றுக்குழியும் இல்லை.
பயன்பாடு: வாளில் பொருத்தப்பட்டிருக்கலாம். ஓரளவு உறுதி; உளித் தழும்பு, செம்புத் துண்டு.
காலம்: எடோ காலம், பெரும்பாலும் அதன் பிற்பாதி. கணிப்பு மட்டுமே, கையொப்பம் இல்லை.

கீழே, ஒப்பிட்ட பதிவுகளின் எண்களையும் பார்த்த தேதியையும் சேருங்கள். இணைய முகவரிகள் மாறிவிடும், அருங்காட்சியகத்தின் பதிவு எண் மாறுவது அரிது. காலக் கணிப்பை அருங்காட்சியகங்களே அவ்வப்போது திருத்துகின்றன என்பதால் தேதியும் வேண்டும்.

இதற்கு மேல் போக வேண்டுமென்றால் அந்தத் துறையின் காப்பாட்சியருக்கு எழுதலாம். "இது என்ன?" என்று ஒரு படத்தை மட்டும் அனுப்பினால் பதில் வருவது கடினம். முன், பின், விளிம்புப் படங்கள் மூன்று, அளவும் எடையும், மேலே எழுதிய நான்கு வரிகள், அவர்களுடைய பட்டியலிலேயே மிக நெருங்கிய பதிவின் எண் ஆகியவற்றைச் சேர்த்து, எந்த இடத்தில் சந்தேகம் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். விலை என்ன பெறும் என்று மட்டும் கேட்காதீர்கள்; மதிப்பீடு சொல்வதில்லை என்பது பெரும்பாலான அருங்காட்சியகங்களின் விதி.